புதிய பிரதிநிதியை அறிமுகப்படுத்தும் அதிகாரக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குத் தீர்மானங்களும் கடிதங்களும் எழுதிக்கொடுப்பது என் வேலை. கொள்முதல் மேலாளர் மாறும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒன்று, தன் புதிய மேலாளரை நூல் மில்களுக்கு அறிமுகப்படுத்துகிறது என்பதே எல்லாப் பதில்களுக்கும் பின்னணி.

பழைய மேலாளர் போய்விட்டார், புதியவர் சேர்ந்துவிட்டார். எல்லா மில்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுச் சொன்னால் போதாதா?

"இனி இவரிடம் பேசுங்கள்" என்று தெரிவிக்க மின்னஞ்சல் போதும். ஆனால் அவர் போடும் கையெழுத்து நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று மில் நம்ப வேண்டுமானால், அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 21-ஆவது பிரிவின்படி, நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தங்களில் கையெழுத்திடக்கூடியவர்கள் இரண்டு வகை: நிர்வாக இயக்குநர், கம்பெனி செயலாளர் போன்ற முக்கிய நிர்வாகிகள் ஒரு வகை. இயக்குநர் குழு முறையாக அதிகாரம் அளித்த அதிகாரி அல்லது ஊழியர் இன்னொரு வகை. உங்கள் புதிய மேலாளர் இரண்டாம் வகை. அவருக்கு இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மானம் இருக்கிறது என்பதை வெளியாருக்குச் சொல்வதுதான் கடிதத்தின் வேலை.

அதனால் வரிசை முக்கியம். தீர்மானம் முதலில், கடிதம் பிறகு. மூன்றாம் தேதி கடிதம், ஒன்பதாம் தேதி தீர்மானம் என்று கோப்பில் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால், "அவசரம் சார், மில்லில் கேட்டார்கள்" என்பார்கள். அவசரத்துக்குத்தான் சுற்றறிக்கைத் தீர்மானம் என்ற வழியைச் சட்டம் வைத்திருக்கிறது. கூட்டம் கூட்டாமலே வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பிப் பெரும்பான்மை ஒப்புதல் வாங்கலாம். கணவனும் மனைவியும் மட்டுமே இயக்குநர்களாக உள்ள நிறுவனத்தில் இது அரை மணி நேர வேலை.

எங்கள் எம்.டி. ஒருவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லாதா?

எம்.டி. தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். அந்த அதிகாரத்தை இன்னொருவருக்குக் கைமாற்றுவது வேறு விஷயம். தனக்குத் தரப்பட்ட வேலையை முகவர் தன்னிஷ்டத்துக்கு வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. எம்.டி.யை நியமித்த தீர்மானத்திலோ நிறுவனத்தின் விதிமுறைகளிலோ "பிறருக்கு அதிகாரம் அளிக்கலாம்" என்ற வரி இருந்தால் அவர் கடிதம் போதும். அந்த வரி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பதைவிடப் புதிதாக ஒரு தீர்மானம் போடுவது சுலபம்.

கடிதத்தில் கையெழுத்திடுபவர் ஓர் இயக்குநராக இருக்கட்டும். அதிகாரம் பெறுபவரே தன் கடிதத்தில் கையெழுத்திடக் கூடாது. சிரிக்காதீர்கள், அப்படியும் வந்திருக்கிறது.

விலை பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதானே? "எங்கள் பிரதிநிதி" என்று எழுதினால் இரண்டும் அடங்கிவிடாதா?

அடங்காது. ஒருவருக்கு ஒரு வேலையைச் செய்ய அதிகாரம் கொடுத்தால், அதைச் செய்து முடிக்கத் தேவையான சட்டப்படியான எல்லாவற்றையும் அவர் செய்யலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு. ஆனால் விலை பேசுவதற்குக் கையெழுத்து தேவையில்லை. பேசிவிட்டு வந்து முதலாளியிடம் சொல்லலாம் அல்லவா? ஆகவே "பேச்சுவார்த்தை நடத்த" என்று மட்டும் எழுதினால் கையெழுத்து அதிகாரம் இல்லை என்று நாளை யாராவது வாதிட இடம் இருக்கும். "கையெழுத்திட" என்று மட்டும் எழுதினால், அவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட விலைக்கு நிறுவனம் பொறுப்பா என்ற கேள்வி எழும்.

நூல் வியாபாரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. காலையில் போனில் விலை முடியும். மாலையில்தான் ஆர்டர் தாள் போகும். இடையில் விலை ஏறினால், காலையில் பேசியது ஒப்பந்தமா, பேச்சா? நான் கடிதத்தில் இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதிவிட்டு, மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: "எழுத்து வடிவில் கையெழுத்திட்ட கொள்முதல் ஆணை இல்லாமல் எந்த விலையும் அளவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது." சில மில்களுக்கு இந்த வரி பிடிக்காது. பிடிக்காது என்று முதல் நாளே தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

25 லட்சம் வரைதான் கையெழுத்திடலாம் என்று அவரிடம் வாயால் சொல்லிவிட்டோம். அதைக் கடிதத்தில் எழுதினால் மில்காரர்கள் எங்களைச் சின்ன நிறுவனம் என்று நினைப்பார்களே?

நினைத்தால் நினைக்கட்டும். எழுதாத வரம்பு உங்களுக்கும் அவருக்கும் இடையில் மட்டும்தான் செல்லும். ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆவது பிரிவில் இதற்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது. சரக்கை விற்கச் சொல்லி முகவரிடம் ஒப்படைத்தவர், இன்ன விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்லியனுப்புகிறார். அந்தக் கட்டளை தெரியாத ஒருவர் குறைந்த விலைக்கு வாங்கிவிடுகிறார். விற்பனை செல்லும். சொந்தக்காரர் முகவரோடு சண்டை போட்டுக்கொள்ளலாம், வாங்கியவரோடு போட முடியாது.

வரம்பை எழுதும்போது ஒரு தொகையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30-ஆம் நம்பர் நூல் 9,400 கிலோ, கிலோ 260 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 24,44,000 ரூபாய், வரம்புக்குள். ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி 1,22,200 ரூபாயைச் சேர்த்தால் 25,66,200 ரூபாய், வரம்புக்கு வெளியே. ஒரே தாள், ஒரே கையெழுத்து. அது செல்லுமா செல்லாதா என்பது "வரி நீங்கலாக" என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நாற்பது லட்ச ரூபாய் ஆர்டரை இருபது இருபதாகப் பிரித்து, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் போடலாம். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, கையெழுத்துக்கு அலையச் சோம்பல்பட்டுக்கூடச் செய்வார்கள். "ஒரே மில்லுக்கு ஒரே வாரத்தில் தரப்படும் ஆணைகள் ஒன்றாகவே கணக்கிடப்படும்" என்று எழுதினால் அது அடைபடும்.

ஒரு மாதிரிக் கடிதம் தர முடியுமா?

கீழே உள்ளதை உங்கள் தேவைக்கேற்ப வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் அச்சிட்ட லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் என்ற நிறுவன அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை அதில் இருப்பது கம்பெனிகள் சட்டப்படி கட்டாயம்.

> எண்: ……　　　நாள்: ……
>
> பெறுநர்: …… மில்ஸ், ……
>
> பொருள்: கொள்முதல் பேச்சுவார்த்தைக்கும் கையெழுத்துக்கும் அதிகாரம் பெற்ற புதிய பிரதிநிதி
>
> ஐயா,
>
> எங்கள் இயக்குநர் குழு …… தேதியில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, எங்கள் கொள்முதல் மேலாளர் திரு. …… (ஊழியர் எண் ……) பின்வருவனவற்றை நிறுவனத்தின் சார்பில் செய்ய அதிகாரம் பெற்றுள்ளார். தீர்மானத்தின் சான்றிட்ட நகல் இணைக்கப்பட்டுள்ளது.
>
> 1. பருத்தி நூல் கொள்முதலுக்கான விலை, அளவு, தரம், ஒப்படைக்கும் நாள், கடன் தவணை ஆகியவற்றைப் பேசி முடிவு செய்தல்.
>
> 2. வரி நீங்கலாக ரூ. 25,00,000-க்கு மிகாத கொள்முதல் ஆணைகளில் கையெழுத்திடுதல். ஒரே வாரத்தில் உங்களுக்குத் தரப்படும் ஆணைகள் ஒன்றாகவே கணக்கிடப்படும். இத்தொகைக்கு மேற்பட்ட ஆணைகளில் ஓர் இயக்குநரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.
>
> கையெழுத்திட்ட கொள்முதல் ஆணை இல்லாமல் எந்த விலையும் அளவும் எங்களைக் கட்டுப்படுத்தாது.
>
> கடன் வாங்குதல், உத்தரவாதம் அளித்தல், காசோலை அல்லது உண்டியலில் கையெழுத்திடுதல், நிலுவைத் தகராறுகளைச் சமரசம் செய்தல், வங்கிக் கணக்கு விவரங்களை மாற்றித் தெரிவித்தல் ஆகியவற்றுக்கு இவருக்கு அதிகாரம் இல்லை. இந்த அதிகாரத்தை இவர் பிறருக்கு மாற்றித் தர இயலாது.
>
> இந்த அதிகாரம் …… முதல் …… வரை செல்லும். அதற்கு முன் ரத்து செய்யப்பட்டால் எழுத்து மூலம் தெரிவிப்போம்.
>
> இதற்கு முன் இப்பொறுப்பில் இருந்த திரு. …… அவர்களுக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் …… தேதியுடன் முடிவடைந்தது. அத்தேதிக்குப் பின் அவர் கையெழுத்திடும் எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது.
>
> திரு. …… அவர்களின் மாதிரிக் கையெழுத்து: ……
>
> மேற்கண்ட கையெழுத்தைச் சான்றளிக்கிறேன்.
>
> …… பிரைவேட் லிமிடெட்டுக்காக,
> (கையெழுத்து)
> இயக்குநர், இயக்குநர் அடையாள எண் ……
>
> பெற்றுக்கொண்டோம்: (மில்லின் கையெழுத்து, முத்திரை, நாள்)

உண்டியல் என்பது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் மாற்றுச் சீட்டு. அதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வியாபாரம் நடத்தவும் கடன் வசூலிக்கவும் பொது அதிகாரம் பெற்றவர் உண்டியலை ஏற்கவோ மேலெழுதிக் கொடுக்கவோ முடியாது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் எழுதிவிட்டால், வாதாட வேண்டிய இடத்தில் வெறுமனே காட்டினால் போதும்.

பழைய மேலாளரைப் பற்றிய பத்தி தேவையா? போனவரைப் பற்றி எழுதுவது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது.

கடிதத்தில் ஒரே ஒரு பத்தியை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அடிக்கச் சொன்னால், இதைத்தான் வைத்துக்கொள்வேன். "விலகிவிட்டார்" என்பதில் அவமானம் ஒன்றுமில்லை. காரணத்தை எழுத வேண்டாம், தேதியை எழுதுங்கள்.

முகவரின் அதிகாரம் முடிந்துவிட்டது என்பது வெளியாருக்குத் தெரிய வரும்போதுதான் அவர்களைப் பொறுத்தவரை முடிகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவு அது. 1872-இல் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அதற்குக் கொடுத்த உதாரணம் நம் ஊர்ச் சரக்கைப் பற்றியது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தன் பருத்தியை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம், சென்னைக்கே அனுப்பிவிடு என்று இன்னொரு கடிதம் எழுதுகிறார். இரண்டாம் கடிதம் கைக்கு வந்த பிறகும் முகவர் பருத்தியை விற்றுவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் பணத்தைக் கொடுக்கிறார், முகவர் பணத்தோடு கம்பி நீட்டிவிடுகிறார். வாங்கியவர் கொடுத்தது செல்லும். நஷ்டம் சென்னைக்காரருக்கு.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே கதை சிறிய அளவில் நடந்தது. விலகிய மேலாளர், தான் முன்பே பேசி வைத்திருந்த 6,000 கிலோவை, விலகிப் பத்து நாள் கழித்து உறுதிசெய்து தாள் அனுப்பிவிட்டார். பழைய விசுவாசமோ, மில்காரரிடம் கொடுத்த வாக்கோ, தெரியாது. அவருடைய பழைய கடிதத்தில் முடிவுத் தேதி இல்லை. அவர் போனதை மில்லுக்கு யாரும் சொல்லவும் இல்லை. அதற்குள் சந்தை விலை கிலோவுக்கு 14 ரூபாய் இறங்கியிருந்தது. வக்கீலைக் கேட்டோம். "நூலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். 84,000 ரூபாய் போயிற்று. அந்த மாதமே எல்லா மில்களுக்கும் கடிதம் போனது, அதை எழுதியவன் நான்.

இதை முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி வாங்க வேண்டுமா?

நூல் கொள்முதல் போன்ற அன்றாட வியாபாரத்துக்கு லெட்டர்ஹெட்டும் தீர்மானத்தின் சான்றிட்ட நகலும் போதும் என்பதே நடைமுறை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பில் "கடிதம்" என்று இருப்பதால் மட்டும் அது கடிதமாகிவிடாது. எழுதிக்கொடுப்பவருக்காக, அவர் பெயரில் செயல்படக் குறிப்பிட்ட ஒருவருக்கு அதிகாரம் தரும் எந்த ஆவணத்தையும் முத்திரைச் சட்டம் பவர் பத்திரம் என்ற வரையறைக்குள் கொண்டுவர முடியும். அதனால்தான் அதிகாரம் தருவதைத் தீர்மானம் செய்யட்டும், கடிதம் அதைத் தெரிவிக்கட்டும் என்று பிரித்து எழுதுகிறோம். மாதிரியில் "தீர்மானத்தின்படி அதிகாரம் பெற்றுள்ளார்" என்று இருப்பதைக் கவனியுங்கள். "இதன்மூலம் அதிகாரம் அளிக்கிறோம்" என்று இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு, வழக்கில் ஆஜராவது, பவர் பத்திரம்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்ட டெண்டர் ஆகியவற்றுக்கு இந்தக் கடிதம் உதவாது. முறையான பவர் பத்திரம் எழுத வேண்டும். நிறுவனத்தின் பெயர் பொறித்த பொது முத்திரை, கம்பெனிகள் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம் இல்லை. முத்திரை இல்லாத நிறுவனத்தில், அது தேவைப்பட்ட இடங்களில் இரண்டு இயக்குநர்கள், அல்லது ஓர் இயக்குநரும் கம்பெனி செயலாளரும் கையெழுத்திட வேண்டும்.

இதே கடிதத்தை வங்கிக்கும் ஜிஎஸ்டிக்கும் கொடுக்கலாமா?

கூடாது. வங்கிக்குத் தன் சொந்தப் படிவமும் தனித் தீர்மானமும் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பதாரரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கொள்முதல் மேலாளருக்கு அந்த இரண்டும் தேவையா என்று முதலில் யோசியுங்கள்.

அவர் ஆர்டரில் எப்படிக் கையெழுத்துப் போட வேண்டும்? வெறும் கையெழுத்துப் போதுமா?

முதல் வரியில் நிறுவனத்தின் முழுப்பெயரோடு "…… பிரைவேட் லிமிடெட்டுக்காக", அதன் கீழே கையெழுத்து, அதன் கீழே பெயர், பதவி, அதிகாரக் கடிதத்தின் எண்ணும் நாளும். முகவர் தனக்கு மேலே இருப்பவர் யார் என்று சொல்லாமல் ஒப்பந்தம் செய்தால், அவரே சொந்தமாகச் செய்ததாகக் கருத ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு இடம் தருகிறது. வெள்ளைத்தாளில் வெறும் கிறுக்கலோடு போகும் ஆர்டர் நிறுவனத்துக்குத் தலைவலி என்பதைவிட அந்த மேலாளருக்குத்தான் ஆபத்து. புதிதாகச் சேர்பவர்களிடம் இதைச் சொன்னால் அன்றிலிருந்து ஒழுங்காகப் போடுகிறார்கள்.

வரம்பைத் தாண்டிக் கையெழுத்திட்டுவிட்டார். சரக்கு நல்ல விலை. ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளலாம். பின்னேற்பு என்று ஒரு தீர்மானம் போட்டால், ஆரம்பத்திலேயே அதிகாரம் இருந்தது போலாகிவிடும். இரண்டு எச்சரிக்கைகள். விலை நன்றாக இருக்கிறது, ஆனால் கடன் தவணை வேண்டாம் என்று பாதியை மட்டும் ஏற்க முடியாது. ஒரு பகுதியை ஏற்றால் முழுப் பேரத்தையும் ஏற்றதாகும். இரண்டாவது, தீர்மானம் போடாமலே நூலை இறக்கிப் பின்னலுக்கு அனுப்பிவிட்டாலும் ஏற்றதாகவே கொள்ளப்படும். ஆகவே மறுப்பதாக இருந்தால் லாரி வாசலில் நிற்கும்போதே மறுக்க வேண்டும்.

கடிதத்தில் கையெழுத்திட்ட இயக்குநரே விலகிவிட்டால் கடிதம் காலாவதி ஆகிவிடுமா?

ஆகாது. அதிகாரம் கொடுத்தது நிறுவனம், அந்த இயக்குநர் அல்லர். ஆனால் மில்காரர் இணையத்தில் இயக்குநர் பட்டியலைப் பார்த்துக் குழம்பக்கூடும் என்பதால் புதிய இயக்குநரின் கையெழுத்தோடு ஒன்று அனுப்பிவிடுவது நல்லது.

நாங்கள் மில் தரப்பு. இப்படி ஒரு கடிதம் வந்தால் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

லெட்டர்ஹெட்டை யாரும் அச்சடிக்கலாம், எனவே அதைப் பார்த்து மயங்க வேண்டாம். சிஐஎன் எண்ணைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டு, கையெழுத்திட்டவர் இன்றும் இயக்குநர்தானா என்று பாருங்கள். பிறகு போன் செய்யுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்கள் பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு. போலிக் கடிதம் என்றால் அதில் உள்ள எண்ணும் போலியாகவே இருக்கும்.

நிறுவனத்துக்குள்ளே கூட்டம் முறையாக நடந்ததா, நோட்டீஸ் போனதா என்றெல்லாம் நீங்கள் துருவ வேண்டியதில்லை. வெளியார் நல்லெண்ணத்தோடு நம்பலாம் என்பது 1856-இல் இங்கிலாந்தில் டர்குவாண்ட் வழக்கில் வந்த விதி, இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. ஆனால் சந்தேகப்படக் காரணம் கண்முன் இருந்தும் கேட்காமல் இருந்தவருக்கு அந்த விதி கைகொடுக்காது. 25 லட்சம் என்று கடிதத்தில் தெளிவாக இருக்க, 60 லட்சத்துக்கு ஒற்றைக் கையெழுத்தோடு வந்த ஆர்டரை ஏற்றுக்கொண்டு, பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கும் இதே மாதிரிதானா?

தீர்மானத்துக்குப் பதில் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட கடிதத்தை மில் ஏற்றுக்கொள்ளக்கூடும், ஆனால் மற்றப் பங்குதாரர் நாளை ஆட்சேபித்தால் யார் ஓடுவது? தனி உரிமையாளர் என்றால் அவர் கையெழுத்தே போதும்.

கடிதத்தை எத்தனை பேருக்கு அனுப்ப வேண்டும்?

பழைய மேலாளர் யார் யாரிடம் வாங்கினாரோ அத்தனை பேருக்கும். இரண்டு ஆண்டுக் கொள்முதல் பதிவேட்டை எடுத்து மில்களின் பெயர்களை எழுதுங்கள், நூல் ஏஜென்டுகளை மறக்காதீர்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் திரும்பி வராதவர்களுக்குப் ஸ்பீடு போஸ்டில் இன்னொரு முறை அனுப்புங்கள். அந்த நகல்களை ஒரே கோப்பில், புதியவருக்குக் கொடுத்த தீர்மானத்தோடு சேர்த்து வையுங்கள். அவரும் ஒருநாள் போவார், அன்று அதே பட்டியலை எடுத்துத்தான் அடுத்த கடிதம் எழுத வேண்டியிருக்கும்.